ஒன்பது மணித் தாள்

மருத்துவமனை மருந்தகத்தின் மூன்றாம் ஜன்னலில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நோயாளிகளுக்கு அவள் மாத்திரை அக்கா. கூட வேலை செய்கிறவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. எந்த மருந்து எந்த அலமாரியில், எந்த வரிசையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஒரு குழந்தையின் எடையைச் சொன்னால், டாக்டர் எழுதிய அளவு சரியா தப்பா என்று கணக்கிட்டு முடிப்பதற்குள் எதிரில் நிற்கிற அம்மா சீட்டை மடித்துக்கூட முடித்திருக்கமாட்டாள்.

ஆனால் அவளிடம் உரிமம் இல்லை. பட்டயப் படிப்பு முடித்தாயிற்று, மருந்தாளுநர் உரிமத் தேர்வில் தேறவில்லை. அதனால் ஒன்பது வருடமும் உதவியாளர்தான். உரிமம் இல்லாதவர்கள் இந்த வருடக் கடைசிக்குப் பிறகு ஜன்னலில் உட்காரக் கூடாது என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. கிடங்கில் பெட்டி இறக்கப் போகலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். தேர்வை மூன்று முறைதான் எழுத முடியும். அவள் இரண்டை எழுதித் தோற்றாகிவிட்டது. மூன்றாவதிலும் போனால் படிப்பையே முதலிலிருந்து படிக்கவேண்டும்.

முதல் முறை தோற்றதற்குக் காரணம் படிப்பு இல்லை. வினாத்தாளைத் திருப்பியதும் எழுத்துகள் ஒவ்வொன்றும் தெரிந்தன, ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை. நாற்பது நிமிடம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள். இரண்டாம் முறை அந்த வெறுமை இருபது நிமிடத்தில் விலகியது. நாற்பத்தேழு மதிப்பெண். தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். மூன்று மதிப்பெண் அந்த இருபது நிமிடத்துக்குள்தான் எங்கேயோ விழுந்து கிடந்தது.

அதன்பிறகுதான் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்து வருடத்துப் பழைய வினாத்தாள்களை நகலெடுத்தாள். ஐந்து மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை சரியாக ஒன்பது மணிக்குச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். தேர்வும் ஒன்பது மணிக்குத்தான். கைக்கடிகாரம் கழற்றி இடது பக்கம். இரண்டு பேனா. தாள் கவிழ்ந்து கிடக்கும். திருப்பியதும் முதல் பத்து நிமிடம் விடை எழுதக் கூடாது, வாசிக்க மட்டும். உறுதியாகத் தெரிந்த கேள்விக்கு ஒரு கோடு, யோசித்தால் வரும் என்பதற்குப் புள்ளி, தெரியாததற்கு வட்டம். பிறகு மருந்தளவுக் கணக்குகள். அப்புறம் கோடுகள், அப்புறம் புள்ளிகள். கடைசிப் பதினைந்து நிமிடம் அலகு சரிபார்க்க: மில்லிகிராமா, மைக்ரோகிராமா. மூன்று மணி நேரம் முடிந்ததும் பேனாவை வைக்கவேண்டும். அன்றைக்கே விடைக்குறிப்பை வைத்துப் பச்சைப் பேனாவால் திருத்தவேண்டும். தப்புகள் தனி நோட்டில்.

தேர்வு சனிக்கிழமை. அதற்கு முந்தைய ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டாள். கணவன் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. ஆறு வயதுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்து இறங்கினாள். துணிக்கடையில் தையல்காரி, வாய் ஓயாது. வந்த அன்றே சுவரில் ஒட்டியிருந்த தாளை உரக்கப் படித்தாள்.

"கடைசி வார விதிகள். ஒண்ணு, ஏற்கெனவே எழுதின தாள் மட்டும். ரெண்டு, தினம் ஒன்பது மணி. மூணு, புதுத் தாள், புதுப் புத்தகம் தொடக் கூடாது. நாலு, வெள்ளிக்கிழமை தாள் கிடையாது, தப்பு நோட்டு மட்டும். அண்ணி, என் அண்ணனுக்கும் இப்படி ஒரு லிஸ்ட் போட்டு ஒட்டியிருந்தா அந்த ஆள் எப்பவோ உருப்பட்டிருப்பான்."

"சும்மா இரு."

"ஏற்கெனவே எழுதின தாளையே திரும்ப எழுதினா என்ன பிரயோஜனம்? பதில்தான் தெரியுமே?"

"பதிலுக்காக எழுதலை. மார்க்கும் கணக்கில்லை, ஏறத்தான் செய்யும். கை தானா ஓடணும், அதுக்குத்தான். பயம் வந்தாலும் கை பாட்டுக்கு அடுத்த வேலையைச் செய்யணும்."

நாத்தனார் பிரிந்திருந்த தாளின் மூலையை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தாள் நன்றாகவே போயிற்று. அறுபத்தொன்று. அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள், மகளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வந்தது வினை. மருந்தகத்தில் இரண்டாம் ஜன்னல்காரன், எல்லோரும் கண்ணாடி என்று கூப்பிடுகிறவன், அவனும் இந்தத் தேர்வை எழுதுகிறான். கைப்பேசியில் விடைக்குறிப்போடு ஒரு மாதிரித் தாள் அனுப்பியிருந்தான். கூடவே குரல் பதிவு: "அக்கா, கோச்சிங் சென்டர்ல கொடுத்தது. இந்த வருஷம் பேட்டர்னே மாறுதாம். இதுலேர்ந்துதான் பாதி வருமாம். பழசையே பிடிச்சிட்டுத் தொங்காதீங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

தொடக் கூடாது என்று அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள். சுவரைப் பார்த்தாள், கைப்பேசியைப் பார்த்தாள். குரல் பதிவைப் பாதி வருமாம் என்கிற இடம் வரை இன்னொரு முறை கேட்டாள். ஒன்பது மணிக்குப் பழைய தாளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அதை எழுத உட்கார்ந்தாள்.

முப்பத்தொன்று.

பச்சைப் பேனாவோடு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை கூட்டினாள். முப்பத்தொன்றுதான். கேள்விகள் பாதி அவள் கேள்விப்படாத மருந்துகளைப் பற்றியவை. அது தேர்வின் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஐந்து மாதம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தோம், தெரிந்ததையே திரும்பத் திரும்ப எழுதிச் சந்தோஷப்பட்டிருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி எப்போது வந்து எப்போது போனதென்று தெரியவில்லை. கடைக்கு ஓடி, தலையணை கனத்துக்கு ஒரு வழிகாட்டி நூல் வாங்கி வந்தாள். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். நாற்பதாம் பக்கம் போகும்போது பத்தாம் பக்கம் மறந்திருந்தது. மகள் வந்து பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் காட்டினாள். இவள் "அப்புறம்" என்றாள். மகள் மறுபடி வந்தாள். "அப்புறம்னு சொன்னேன்ல!" என்று போட்ட சத்தத்தில் குழந்தை படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கியது. அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எழுந்து ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினாள்.

புதன்கிழமை காலை அவளே பயந்துபோய்ப் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடலாம் என்று உட்கார்ந்தாள். ஏற்கெனவே நாலு முறை எழுதிய தாளாகப் பார்த்து எடுத்தாள். கடிகாரம் இடது பக்கம். இரண்டு பேனா. ஒன்பது அடித்ததும் திருப்பினாள்.

எழுத்துகள் தெரிந்தன. வாக்கியம் புரியவில்லை.

முதல் கேள்வியை ஏழு முறை வாசித்தாள். அதன் விடை எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் எழுதினோம் என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கவேண்டும். ஒன்றுமில்லை. தேர்வு அறையில் மட்டும் வந்துகொண்டிருந்தது இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து குளியலறைக்குப் போனாள். காலையில் குடித்த டீ வெளியே வந்தது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கதவு தட்டப்பட்டது.

"அண்ணி. உள்ளே என்ன பண்றீங்க?"

"நான் எழுதலை."

"எது?"

"பரீட்சை. எழுதலை. கிடங்குக்கே போயிடறேன். பெட்டி இறக்கறேன். மறுபடியும் அந்த ரூம்ல போய் அப்படி உக்கார என்னால முடியாது. செத்துருவேன்."

வெளியே வளையல் சத்தம் கதவோடு உரசிக் கீழே இறங்கியது. பிறகு கதவின் அடிப்பக்கத்திலிருந்து குரல் வந்தது; அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

"சரி, எழுத வேணாம். உங்க இஷ்டம். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். மூணாவது விதி யார் எழுதினது?"

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"புதுசைத் தொடக் கூடாதுன்னு எழுதினது நீங்கதானே? நான் எழுதலையே? எனக்கு அந்த மருந்துப் பேர்ல ஒண்ணுகூட வாய்க்குள்ள நுழையாது. திங்கக்கிழமை புதுசைத் தொட்டீங்க. அதுலேர்ந்து சோறு இல்லை, தூக்கம் இல்லை, குட்டி உங்க பக்கம் வரவே பயப்படுறா. அந்தக் கண்ணாடி அனுப்பினது பரீட்சைத் தாளா? எவனோ உக்காந்து தட்டினது. உண்மைத் தாள் பத்து வருஷத்துது உங்க கையில இருக்கு."

"அதுவும் வரலை. இன்னைக்கு அதுவும் வரலைடி."

சொல்லும்போதே அழுகை உடைந்தது. வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள். கதவுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் எழுந்து போய்த் திரும்பி வந்தாள். அழுது ஓய்கிறபோது கத்தரிக்கோல் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கதவின் கீழ் இடுக்கு வழியாக ஒரு துண்டுக் காகிதம் உள்ளே வந்தது. பழைய தாளிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டிய ஒரே ஒரு கேள்வி. தையல்காரியின் வெட்டு, ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. பின்னாலேயே ஒரு பென்சிலும் உருண்டு வந்தது.

"மூணு மணி நேரம் வேணாம். இதை மட்டும் போட்டுட்டு வெளியே வாங்க. எனக்கு பாத்ரூம் போகணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் காகிதத்தை எடுத்தாள். பதினான்கு கிலோ எடையுள்ள குழந்தை. கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்து. ஐந்து மில்லிலிட்டரில் நூற்றிருபது மில்லிகிராம் உள்ள சிரப். ஒரு வேளைக்கு எத்தனை மில்லிலிட்டர்?

இதை ஜன்னலில் ஒரு நாளைக்கு முப்பது முறை செய்கிறாள். காகிதத்தை முழங்காலில் வைத்தாள். பதினான்கைப் பதினைந்தால் பெருக்கினால் இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பத்தை நூற்றிருபதால் வகுத்து, ஐந்தால் பெருக்கினாள். எட்டே முக்கால். பக்கத்தில் அலகை எழுதினாள். முழங்கால் மேட்டில் எழுத்து கோணியது, விடை கோணவில்லை.

தாழ்ப்பாளைத் திறந்தாள்.

அன்று அவள் அதற்குமேல் முழுத் தாள் எதையும் தொடவில்லை. வழிகாட்டி நூலை நாத்தனார் எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டாள். எங்கே என்று இவள் கேட்கவில்லை. சாயங்காலம் பள்ளி விட்டு வந்த மகளிடம் படத்தைக் கேட்டாள். குழந்தை கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு எடுத்து வந்து காட்டியது. ஒரு பேருந்து, அதற்குள் அப்பா, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அம்மா. அதன்பிறகு நாத்தனார் இன்னும் நாலு துண்டுகளை வெட்டி வைத்தாள். நாலும் கணக்குகள். நாலும் சரி.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பாதித் தாள், ஒன்றரை மணி நேரம். முதல் கேள்வியில் மறுபடி அந்த வெறுமை எட்டிப் பார்த்தது. அவள் அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. பக்கத்தில் வட்டம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். மூன்றாம் கேள்வியில் ஒரு கோடு போட முடிந்தது. திருத்தும்போது மதிப்பெண்ணைக் கூட்டவில்லை. தப்பை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதி முடிக்கும்வரை மேஜைக்கு எதிரில் நாத்தனார் தேர்வுக் கண்காணிப்பாளர் மாதிரி விறைப்பாக நடந்தாள். நேரம் முடிந்ததும் கரண்டியால் தட்டில் ஒரு போடு போட்டாள். "பேனாவைக் கீழே வை! பக்கத்துல பாக்காதே!" அன்று பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த குட்டி விழுந்து விழுந்து சிரித்தது.

வெள்ளிக்கிழமை தப்பு நோட்டை ஒரு மணி நேரம் வாசித்தாள். நுழைவுச் சீட்டு, பேனா, கடிகாரம், தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தாள். கணவன் எங்கேயோ ஒரு பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிட்டான். "பயமா இருக்கா?" என்றான். "இருக்கு" என்றாள். "சரி, இருக்கட்டும். நாளைக்கு மத்தியானம் கூப்பிடறேன்" என்றான். அவனுக்கு அதற்குமேல் பேசத் தெரியாது. அவளுக்கும் அன்று அதுவே போதுமாயிருந்தது.

தேர்வு நடந்த பள்ளிக்கூட வாசலில் கண்ணாடி நின்றுகொண்டிருந்தான். கையில் மாதிரித் தாளின் நாலு நகல், கண் சிவந்து கிடந்தது. "அக்கா, கடைசியா அந்த நாற்பதாவது கேள்வியை மட்டும் ஒரு தடவை..."

"வேணாம்டா தம்பி. நான் எதையும் பாக்கலை. நீயும் மடிச்சு வை." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். பார்த்திருந்தால் அவனுடைய பயம் தனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்பது மணி அடித்தது. தாள் வரவில்லை. விடைத்தாள் கட்டு ஒன்று குறைகிறதாம். இன்னொரு கட்டிடத்திலிருந்து வரவேண்டுமாம். ஒன்பதேகால். ஒன்பதரை. அறையில் யாரோ மேஜையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவள் இத்தனை மாதம் ஒன்பது மணியைத்தான் பழக்கியிருந்தாள். ஒன்பதரையை யாரும் பழக்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று கால் துடித்தது. கடிகாரத்தைக் கழற்றி இடது பக்கம் வைத்தாள். பிறகு எடுத்துக் கட்டிக்கொண்டு மறுபடி கழற்றி வைத்தாள். பேனாக்களை அடுக்கினாள். வெற்று மேஜைமேல் விரலால் ஒரு கோடு போட்டாள், ஒரு புள்ளி வைத்தாள், ஒரு வட்டம் போட்டாள். திரும்பவும் கோடு, புள்ளி, வட்டம். கண்காணிப்பாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

ஒன்பது ஐம்பதுக்குத் தாள் வந்தது. முழு மூன்று மணி நேரமும் உண்டு என்றார்கள். திருப்பினாள்.

பத்து வருடமாக முதல் பகுதியில் இருந்த கணக்குகளைக் காணோம். அங்கே நீளமான ஒரு பத்தி, ஏதோ ஒரு நோயாளியின் கதை. வாசித்தாள். புரியவில்லை. மறுபடி வாசித்தாள். எழுத்துகள் மட்டும் நின்றன. வந்துவிட்டது. அதே இடம், அதே குளிர். கண்ணாடி சொன்னது சரி, பேட்டர்ன் மாறிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று தலைக்குள் ஒரு குரல் ஓலமிட்டது.

கை ஒரு வட்டம் போட்டது.

அவள் போடவேண்டும் என்று நினைத்துப் போட்டதல்ல. பத்து நிமிடம் வாசிக்க மட்டும். கை அடுத்த கேள்விக்குப் போயிற்று; அங்கேயும் வட்டம். அதற்கடுத்தும் வட்டம். நாலாவது வட்டத்தில் அழுகை முட்டியது. பக்கத்தைத் திருப்பினாள். ஒரு புள்ளி. ஒரு கோடு. இன்னொரு கோடு. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கணக்குகள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. இடம்தான் மாறியிருந்தது. பத்து சதவீதக் கரைசலிலிருந்து இரண்டு சதவீதக் கரைசல் ஐந்நூறு மில்லிலிட்டர் தயாரிக்க எவ்வளவு எடுக்கவேண்டும்? நூறு மில்லிலிட்டர். கால் மில்லிகிராம் மருந்துக்கு அறுபத்திரண்டரை மைக்ரோகிராம் மாத்திரை எத்தனை? கால் மில்லிகிராம் என்றால் இருநூற்றைம்பது மைக்ரோகிராம், நாலு மாத்திரை. மூன்றாவது கணக்கு முடிந்தபோது பக்கத்து மேஜையில் யாரோ இருமுவது கேட்டது. காது கேட்கிறது என்று அப்போதுதான் கவனித்தாள். மூச்சு இறங்கியது.

கோடுகளை முடித்தாள். புள்ளிகளை முடித்தாள். அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்து வட்டம் போட்ட பத்தியைப் படித்தாள். ஒரு கிழவருக்கு இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்ததால் ரத்தக்கசிவு. மூன்றாம் ஜன்னலில் போன மாதம் அவளே நிறுத்தி, டாக்டரிடம் திருப்பி அனுப்பிய சீட்டு மாதிரியே. எழுதினாள். இரண்டு வட்டங்களுக்கு விடை கடைசிவரை கிடைக்கவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு அலகுகளைச் சரிபார்த்தாள். ஓரிடத்தில் மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று எழுதியிருந்தாள்; அடித்துத் திருத்தினாள்.

வெளியே படிக்கட்டில் கண்ணாடி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஒண்ணுகூட வரலைக்கா. அந்தத் தாள்லேர்ந்து ஒண்ணுகூட வரலை." அவனுக்கு இது முதல் முறை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் தாளே தேறுமா என்று தெரியாது. தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். அவன் குடித்தான்.

முடிவு வர ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் அவள் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே இருபது பேர் வரிசையில் நிற்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. மடியில் வைத்துத் திறந்தாள். ஐம்பத்து நான்கு.

"அக்கா, எனக்கு இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கேட்டாள்.

"பின்னாடி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றாள். குரல் பிசிறியது. அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்தாள். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லம்மா." உறைமேல் அளவை எழுதிக் கொடுத்தாள். அடுத்தவருக்கும் கொடுத்தாள், அதற்கடுத்தவருக்கும். இரண்டாம் ஜன்னலில் கண்ணாடியும் கைப்பேசியைப் பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவன் இவள் பக்கம் திரும்பவில்லை. வரிசை முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு பின்னறைக்குப் போய், கதவைச் சாத்தி, குளூக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு நாத்தனாருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. இவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணி? சொல்லுங்க அண்ணி. என்ன ஆச்சு? அழறீங்களா? எந்த அழுகைன்னாவது சொல்லித் தொலைங்க!"

இயந்திரம் நின்றது.

"பாஸ்" என்றாள்.